அப்பாவின் களிம்பு மகளுக்கு ஆகுமா?

என் கணவருக்கு முழங்கையில் சொரியாசிஸ். கால்சிபோட்ரியால், பீட்டாமெத்தசோன் கலந்த களிம்பு நன்றாகக் கேட்கிறது. ஏழு வயது மகளுக்கு முழங்கை மடிப்பில் எக்ஸிமா. பலதுறை மருந்தகத்தில் தந்த ஹைட்ரோகார்ட்டிசோன் மெதுவாகத்தான் வேலை செய்கிறது. இரண்டுமே அரிப்பும் செதிலும்தானே, அவருடைய களிம்பை அவளுக்குத் தடவலாமா?
– ஈசூன் வாசகி

வேண்டாம். ஏற்கெனவே ஓரிரு முறை தடவியிருந்தால் பதற வேண்டியதில்லை, நிறுத்திவிடுங்கள்.

உங்கள் கணவரின் முழங்கையைத் தொட்டுப் பாருங்கள். திட்டு தடிப்பாக இருக்கும்; எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலுக்கே தெரியும். மகளின் மடிப்பில் அப்படி ஓரம் கிடைக்காது. நம்முடைய மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது என்பதால் நிறத்தைவிட ஓரத்தை நம்பலாம்.

சொரியாசிஸில் நோய் எதிர்ப்பு அணுக்கள் ஐஎல்-23, ஐஎல்-17 என்னும் புரதங்களை அளவுக்கு மீறிச் சுரந்து, தோல் அணுக்களை விரட்டுகின்றன. ஏறத்தாழ ஒரு மாதம் எடுத்து மேலே வர வேண்டிய அணு சில நாள்களில் வந்து குவிகிறது. அந்த வேகத்தைக் குறைப்பதுதான் வைட்டமின் டி வகையைச் சேர்ந்த கால்சிபோட்ரியாலின் வேலை. தடித்த திட்டுக்குள் அழற்சியை அடக்க பீட்டாமெத்தசோன் என்னும் வலுவான ஸ்டீராய்டும் தேவைப்படுகிறது.

மகளின் தோலில் அடக்க வேண்டிய வேகம் அது அல்ல. எக்ஸிமாவில் தோலின் மேலடுக்கு கசிகிறது. பலருக்கு, ஈரத்தைப் பிடித்துவைக்க உதவும் ஃபிலாக்ரின் புரதம் பிறவியிலேயே குறைவு. உள்ளிருக்கும் நீர் வெளியேற, வியர்வை, சோப்பு, தூசி, கிருமி எல்லாம் உள்ளே புகுகின்றன. ஐஎல்-4, ஐஎல்-13 புரதங்கள் கிளம்பி அரிப்பைத் தூண்டுவதோடு, ஃபிலாக்ரினை மேலும் குறைக்கின்றன. இந்தத் தோலில் கால்சிபோட்ரியால் எரிச்சலைத்தான் கூட்டும். ஆய்வகத்தில் எலிகளுக்கு எக்ஸிமா போன்ற அழற்சியை வரவழைக்கத் தடவுவதே இந்த மருந்தைத்தான்! மடிப்பில் ஸ்டீராய்டும் அதிகம் உறிஞ்சப்படும். வலுவானதைத் தொடர்ந்து தடவினால் தோல் மெலியும்.

ஹைட்ரோகார்ட்டிசோன் மெதுவாகக் கேட்பதற்கு அளவு குறைவாக இருப்பதே பெரும்பாலும் காரணம். பெரியவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை களிம்பைப் பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம் வரும். விரல்களோடு சேர்த்து உங்கள் உள்ளங்கை இரண்டின் பரப்புக்கு அது போதும். இன்னொரு காரணம், 'சிங்கப்பூர் புழுக்கத்துக்கு மாய்ஸ்சரைசர் எதற்கு' என்று விட்டுவிடுவது. இரவு முழுக்க ஓடும் குளிர்சாதனம் தோலை உலர்த்திவிடும். பள்ளிவிட்டு வந்ததும் வியர்வையைக் கழுவி, ஒற்றித் துடைத்து, ஈரம் காயும் முன் மாய்ஸ்சரைசரைத் தாராளமாகத் தடவுங்கள். அதை அப்பாவும் தடவிக்கொள்ளலாம்.

மருத்துவர் சொன்னபடி தடவியும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்காவிட்டால் திரும்பிப் போய்க் காட்டுங்கள். மஞ்சள் பொருக்கும் கசிவும் தெரிந்தால் கிருமித் தொற்று, காத்திருக்க வேண்டாம். வலியோடு சிறு கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பிக் காய்ச்சலும் வந்தால் அன்றே போக வேண்டும்.