நிழல் சோதனை: வேறுபாடுகளில் பிழை எது, இரைச்சல் எது?

கேள்வி: புதிதாக எழுதிய சேவைக்கு உண்மையான கோரிக்கைகளின் நகலை அனுப்பி, பதில்களைப் பழைய அமைப்போடு ஒப்பிடுகிறோம். பாதிக்கும் மேற்பட்ட பதில்கள் பொருந்தவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

புதியதைத் தொடுவதற்கு முன், பழையதைப் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய நிரலின் இரண்டு பிரதிகளை இயக்கி ஒரே கோரிக்கையை இரண்டுக்கும் அனுப்பினால், நேரமுத்திரை, தற்செயல் அடையாள எண், வரிசை உறுதியில்லாத பட்டியல் போன்றவை அங்கேயே வேறுபடும். ட்விட்டர் நிறுவனம் வெளியிட்ட டிஃப்பி என்ற கருவி இந்த முறையில்தான் இரைச்சலைக் கழிக்கிறது.

கழிப்பதைப் பதில் முழுமைக்கும் சேர்த்துச் செய்யாமல், ஒவ்வொரு புலத்துக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். பரிந்துரைப் பட்டியல் என்ற புலம் பழைய பிரதிகளுக்கிடையே 2% அளவிலும், புதியதற்கும் பழையதற்கும் இடையே ஏறக்குறைய அதே அளவிலும் வேறுபட்டால், அதைப் பெரும்பாலும் இரைச்சல் என்று கொள்ளலாம். தள்ளுபடி என்ற புலம் பழைய பிரதிகளுக்கிடையே ஒருமுறையும் வேறுபடாமல், புதியதில் மட்டும் 0.3% வேறுபட்டால், விகிதம் சிறியதாயினும் அதுதான் பிழை. இரைச்சலுள்ள புலத்தை ஒப்பீட்டிலிருந்து அடியோடு நீக்கிவிடுவது சோம்பேறித்தனமான தீர்வு. பட்டியலின் வரிசை மட்டும் மாறுகிறது என்றால், இரண்டையும் வரிசைப்படுத்திய பிறகு உறுப்புகளை ஒப்பிடலாமே.

கேள்வி: எல்லாம் பொருந்திய பிறகும், சில தொகைகள் மட்டும் 0.01 வேறுபடுகின்றன. பழையது ஜாவா, புதியது பைத்தான். 0.01 வரை விலக்கு அளித்துவிடலாமா?

அளிக்க வேண்டாம். அந்த விலக்கு இன்றைய வேறுபாட்டோடு நாளைய பிழையையும் சேர்த்து மறைத்துவிடும்.

பழைய நிரல் `HALF_UP` முறையில் ரவுண்டிங் செய்திருக்கலாம். பைத்தானின் `round` சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டை இலக்கத்துக்குக் கொண்டுபோகும்.

```python
from decimal import Decimal, ROUND_HALF_UP

round(10.125, 2)   # 10.12
round(10.375, 2)   # 10.38
Decimal("10.125").quantize(
    Decimal("0.01"), ROUND_HALF_UP)   # Decimal('10.13')
```

10.375 இரண்டு முறைகளிலும் 10.38 ஆகிறது, 10.125 மட்டுமே பிரிகிறது. மூன்றாம் தசம இலக்கம் 5 ஆக முடிந்து, அதற்கு முந்தைய இலக்கம் இரட்டையாக இருந்தால் மட்டுமே வேறுபாடு தலைகாட்டும் என்பதால், பார்ப்பவருக்கு அது தற்செயலானதாகத் தோன்றுகிறது. வேறுபட்ட கோரிக்கைகளை மட்டும் பிரித்தெடுத்து, ரவுண்டிங்குக்கு முந்தைய மதிப்பைப் பாருங்கள். எல்லாமே இந்த வடிவில் இருந்தால் காரணம் உறுதியாகிவிடும். இல்லையெனில், ஒவ்வொரு வரியையும் ரவுண்டிங் செய்து கூட்டுகிறார்களா, கூட்டிய பிறகு ஒருமுறை செய்கிறார்களா என்று பாருங்கள். மிதவைப்புள்ளி எண்களில் இன்னொரு சிக்கலும் உண்டு: 1.005 என்று எழுதினாலும் நினைவகத்தில் இருப்பது அதைவிடச் சற்றே குறைந்த எண். ஆகவே, தொகைகளுக்கு `Decimal` வகையையே, அதுவும் சரத்திலிருந்து உருவாக்கிப் பயன்படுத்துங்கள்.

பழைய முறையே தவறு என்று தெரியவந்தாலும், முதலில் அதையே பின்பற்றி மாற்றத்தை முடித்துவிட்டு, திருத்தத்தைத் தனியாக வெளியிடுவதே என் பரிந்துரை. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால், எந்த வேறுபாடு எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: nginx-இன் `mirror` கட்டளை மட்டும் போதுமா?

நகல் அனுப்ப அது போதும், ஒப்பிடப் போதாது. நகல் கோரிக்கைக்கு வரும் பதிலை அது பொருட்படுத்துவதில்லை. எனவே இரு சேவைகளும் ஒரே கோரிக்கை எண்ணுடன் தத்தம் பதிலைப் பதிவுசெய்ய, பிறகு தனி நிரல் ஒன்று அவற்றைச் சேர்த்து ஒப்பிட வேண்டும்.

கேள்வி: எங்கள் சேவை தரவுத்தளத்தில் எழுதுகிறது, மின்னஞ்சலும் அனுப்புகிறது. இதை எப்படி நிழலில் இயக்குவது?

வெளியே செல்லும் ஒவ்வொரு அழைப்பையும் இடைமறித்து, நிறைவேற்றாமல், "இதைச் செய்ய நினைத்தேன்" என்று பதிவு மட்டும் செய்யும் அடுக்கு ஒன்று புதிய சேவைக்குத் தேவை. பழையது உண்மையில் எழுதியதை அந்தப் பதிவோடு ஒப்பிடலாம். இதில் பலர் தவறவிடுவது வாசிப்பைத்தான்: பழைய சேவை எழுதி முடித்த பிறகு புதியது அதே வரிசையைப் படித்தால், அது காண்பது மாற்றத்துக்குப் பிந்தைய நிலை. இருப்பு 5 என்று பழையது படித்து 4 என எழுதியிருக்கும். புதியதோ 4 என்று படித்து 3 என எழுத நினைக்கும். நிரலில் பிழையே இல்லாமல் எல்லா வேறுபாடுகளும் ஒரே திசையில் ஒன்று குறைந்தால் இதைச் சந்தேகியுங்கள். பழையது படித்த மதிப்புகளைக் கோரிக்கையோடு சேர்த்தே அனுப்புவது இதற்கு நம்பகமான வழி.

கேள்வி: எப்போது நிறுத்தலாம்?

ஒரு வேறுபாடும் இன்றி n கோரிக்கைகள் கடந்தால், 95% நம்பிக்கையோடு பிழை விகிதம் ஏறக்குறைய 3/n என்ற அளவுக்கு மேல் இல்லை எனலாம்; 30,000 கோரிக்கைகளுக்கு அது பத்தாயிரத்தில் ஒன்று. ஆனால் இந்தக் கணக்கைக் கோரிக்கை வகைதோறும் தனியாகப் போட வேண்டும். மொத்தம் பல லட்சம் கடந்திருந்தாலும், பணத்தைத் திருப்பித் தரும் கோரிக்கை அவற்றில் 40 மட்டுமே என்றால், அந்த வகையில் நூற்றுக்கு ஏழு வரை பிழை ஒளிந்திருக்க இடமுண்டு. மாத இறுதியில் மட்டும் ஓடும் பாதைகள் இருந்தால், ஒரு மாத இறுதியாவது சோதனைக்குள் வர வேண்டும். அதுவரை காத்திருக்க முடியாதெனில், பழைய பதிவுகளிலிருந்து அந்தக் கோரிக்கைகளை எடுத்து, அன்றைய தரவு நிலையோடு மீண்டும் ஓட்டலாம்.