கரண்ட் வந்ததும் டிவி தானாக ஓடுவது ஏன்?

கேள்வி: இரவு டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விடுகிறது, நாங்களும் படுத்துவிடுகிறோம். நடுராத்திரி கரண்ட் வந்ததும் டிவி தானாகச் சத்தத்தோடு ஓட ஆரம்பிக்கிறது. சில நாள் ரிமோட்டில் அணைத்துவிட்டுப் படுத்தாலும் இப்படி நடக்கிறது. இது பழுதா? எங்கே மாற்றுவது?

பதில்: பழுதாகத் தெரியவில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் இரண்டு சம்பவங்களுக்கும் காரணம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

ரிமோட்டில் அணைத்த பிறகும் டிவிக்குள் ஒரு சிறு பகுதி விழித்திருக்கிறது. சிவப்பு விளக்கு எரிவதும், ரிமோட்டின் சைகை கேட்பதும் அதனால்தான். கரண்ட் போய் வரும்போது முதலில் எழுவது அந்தப் பகுதி. அது தன் நினைவுச் சில்லைப் பார்த்து மூன்றில் ஒன்றைச் செய்யும்: அணைந்தே இருக்கும், எப்படியானாலும் ஓடும், அல்லது கடைசியாக இருந்த நிலைக்குத் திரும்பும். வீட்டு டிவிகள் பலவற்றில் இருப்பது மூன்றாவது. நீங்கள் ரிமோட்டை அழுத்தினால் 'அணைந்தது' என்று நினைவில் பதிவாகும். கரண்ட் போனால் ஒன்றும் பதிவாகாது. அதனால் ஓடிக்கொண்டிருந்த டிவி, வந்த கரண்டில் மறுபடியும் ஓடுகிறது. உங்கள் முதல் சம்பவம் இதுதான்.

ரிமோட்டில் அணைத்தும் ஓடுவதுதான் கொஞ்சம் சுவாரசியமானது. செட்டாப் பாக்ஸ்மேல் எனக்குச் சந்தேகம். எச்டிஎம்ஐ கேபிள் படத்தையும் ஒலியையும் மட்டும் கொண்டுபோவதில்லை. 'எழுந்திரு, என் படத்தைக் காட்டு' என்று பாக்ஸ் டிவிக்குக் கட்டளையிடும் வழியும் அதில் உண்டு. கரண்ட் வந்ததும் பாக்ஸ் எழுந்து டிவியையும் எழுப்பிவிடும்.

யார் எழுப்புவது என்று இப்படிப் பாருங்கள். டிவியை ரிமோட்டில் அணைத்து, டிவி, பாக்ஸ் இரண்டின் சுவர் ஸ்விட்சையும் அணையுங்கள். சிவப்பு விளக்கு முழுதாக மங்கியபின் ஒரு நிமிடம் விட்டு இரண்டையும் போடுங்கள். டிவி எழுந்தால், எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றிவிட்டு அதையே மறுபடியும் செய்யுங்கள். இப்போது எழவில்லையென்றால் குற்றவாளி பாக்ஸ்தான். அப்போதும் எழுந்தால் டிவியிலேயே 'எப்போதும் ஓடு' என்று அமைந்திருக்கிறது.

பாக்ஸ்தான் என்றால் வேலை எளிது. டிவியின் செட்டிங்ஸில் சாம்சங்கில் `Anynet+`, எல்ஜியில் `SimpLink`, சோனியில் `Bravia Sync` என்று இருக்கும், அதை அணையுங்கள். ஒரே ரிமோட்டில் இரண்டையும் இயக்கும் வசதி இதனால் போய்விடலாம். டிவியை எழுப்பும் கட்டளையை மட்டும் தனியாக அணைக்கும் வசதி உங்கள் டிவியில் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

டிவியின் நினைவுதான் காரணம் என்றால், முதலில் செட்டிங்ஸில் பவர் தொடர்பான பகுதியைப் பாருங்கள். அங்கே இல்லாவிட்டால் பல டிவிகளில் ஓட்டல் அறைகளுக்கென்று ஒளித்துவைத்த மெனுவில் இருக்கும். சாம்சங்கின் பல மாடல்களில் டிவி ஓடும்போது ரிமோட்டில் கீழ்க்கண்டதை வரிசையாக அழுத்தினால் அது திறக்கும்:

```
MUTE  1  1  9  ENTER
```

அங்கே `Hospitality Mode` என்பதை `ON` ஆக்கி, `Power On Option` என்ற இடத்தில் `Standby` வையுங்கள். பிறகு டிவியை அணைத்துப் போட்டு, சுவர் ஸ்விட்ச் சோதனையைச் செய்து பாருங்கள். இந்த முறை டிவி ஓடும்போதே ஸ்விட்சை அணையுங்கள். அதே மெனுவில் ஒலி அளவுக்கு உச்சவரம்பு, தொடங்கும் சேனல், மெனுவைப் பூட்டுவது போன்றவையும் இருக்கும். ஓட்டல்காரருக்கு அவை தேவை, உங்களுக்கு இல்லை, தொடாதீர்கள். எதையும் மாற்றுமுன் திரையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விலை குறைந்த டிவிகளில் இதே அமைப்பு தொழிற்சாலை மெனுவில் இருக்கும். அதைத் திறக்கும் எண் போர்டுக்குப் போர்டு மாறும். அங்கே பேனல் தொடர்பான ஒரு வரியைத் தவறுதலாக மாற்றினால் படம் தலைகீழாகவோ, நிறம் கெட்டோ, ஒன்றும் தெரியாமலோ போகலாம். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது. அதுவரை, கரண்ட் போனதும் சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் படுங்கள்.

மாற்றியபின் ஒன்று நடக்கும், வீட்டில் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இதுவரை சுவர் ஸ்விட்சை மட்டும் போட்டு டிவி பார்த்துப் பழகியவருக்கு, இனி சிவப்பு விளக்கு மட்டும்தான் எரியும். ரிமோட்டையும் அழுத்த வேண்டும். காலையில் செய்தி பார்க்க உட்கார்ந்த பெரியவர், டிவி கெட்டுவிட்டது என்று மெக்கானிக்குக்குப் போன் போடுவதை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.