டிஎன் 37 என்றால் கோவை வண்டி, ஆனால் எந்தக் கோவை?

"பல்லடத்தில் ஒரு பழைய கார் பார்த்திருக்கிறேன், டிஎன் 37 நம்பர். விற்கிறவர் 'திருப்பூர் வண்டிதாங்க' என்கிறார். 37 கோவை இல்லையா? வாங்கினால் நம்பரை மாற்ற வேண்டுமா? வண்டி நிற்கிற கடை போர்டில் 04255 என்று தொடங்கும் போன் நம்பர் இருக்கிறது, செல்லில் அடித்தால் போகவே மாட்டேன் என்கிறது."

டிஎன் 37 கோவை தெற்கு ஆர்டிஓ ஆபீசின் எண். ஆனால் அதை வைத்து அவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்ட வேண்டாம். பிளேட்டில் இருக்கும் எண் மாவட்டத்தின் எண்ணே இல்லை, அந்த வண்டியை முதன்முதலில் பதிவு செய்த ஆபீசின் எண். அதனால்தான் ஒரே கோவைக்கு தெற்கு 37, வடக்கு 38, மத்தி 66, மேற்கு 99 என்று நாலு எண், பொள்ளாச்சிக்கு 41, மேட்டுப்பாளையத்துக்கு 40. திருப்பூருக்கு வடக்கு 39, தெற்கு 42, தாராபுரத்துக்கு 78. இதில் 39 என்பது திருப்பூர் தனி மாவட்டம் ஆவதற்கு முன்பே, அதாவது 2009-க்கு முன்பு கோவை மாவட்டத்துக்குள் இருந்தபோதே ஓடிய எண். மாவட்டம் பிரிந்தது, பிளேட்டு அப்படியே இருந்தது.

வண்டி ஒரு தடவை பதிவாகிவிட்டால், தமிழ்நாட்டுக்குள் எத்தனை கை மாறினாலும் எந்த ஊருக்குப் போனாலும் அந்த நம்பர் மாறாது. திருச்செங்கோட்டு டிஎன் 34 போட்ட போர்வெல் லாரிகளை வடமாநிலங்களில்கூடப் பார்க்கலாம், வண்டி எங்கே வேலை செய்கிறது என்று பிளேட்டு சொல்லாது. வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் அங்கே புது நம்பர் வாங்க வேண்டும். ஆகவே உங்களுக்கு நம்பர் மாற்றும் வேலை இல்லை, பெயர் மாற்றும் வேலை மட்டும்தான்.

அதற்கு முன்னால் நீங்கள் பார்க்க வேண்டியது ஆர்சி. அதில் யார் பெயர், எந்த விலாசம், எந்தப் பதிவு ஆபீஸ், பேங்க் கடன் ஏதாவது குறிப்பில் இருக்கிறதா என்று நிதானமாகப் படியுங்கள். "திருப்பூர் வண்டி" என்று அவர் சொல்வது உண்மையானால் விலாசம் திருப்பூர்ப் பக்கம் இருக்கும். ஆர்சியில் இன்னும் கோவைக்காரர் ஒருவர் பெயரே இருந்து, விற்கிறவர் "நான் அவரிடம் வாங்கியதுதான், பெயர் மாற்றவில்லை" என்றால் அங்கேதான் சிக்கல், ஏனென்றால் படிவம் 29-லும் 30-லும் கையெழுத்துப் போட வேண்டியது ஆர்சியில் பெயர் உள்ளவர். அவர் கையெழுத்து கிடைக்காமல் பணம் கொடுக்காதீர்கள். கடன் குறிப்பு இருந்தால் பேங்க் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வேண்டும். சேஸிஸ் நம்பரை வண்டியில் இருப்பதோடு கடைசி ஐந்து இலக்கம் வரை ஒப்பிடுங்கள், parivahan.gov.in தளத்தில் வேலை தொடங்கவும் அந்த ஐந்து இலக்கம்தான் கேட்கும். வாங்கிய 30 நாளுக்குள் உங்கள் விலாசம் எந்த ஆபீஸ் எல்லைக்குள் வருகிறதோ அங்கே சொல்லிவிட வேண்டும்.

போன் விஷயத்துக்கு வருவோம். 04255 பல்லடத்தின் எஸ்டிடி எண், இதுவும் மாவட்டத்தைப் பார்க்காது. திருப்பூர் நகரம் 0421, உடுமலை 04252, காங்கேயம் 04257, தாராபுரம் 04258, எல்லாம் இப்போது ஒரே மாவட்டம். நடுவில் வரும் 04256 பவானி, அது ஈரோடு மாவட்டம். 1979-ல் ஈரோடு பிரிவதற்கு முன்பு இவை எல்லாமே கோவை மாவட்டம்தான், அதனால் இந்த 0425 வரிசையைப் பார்த்தால் எனக்குப் பழைய பெரிய கோவைதான் தெரிகிறது. கரூருக்கு 04324 என்று திருச்சிப் பக்கத்து எண் இருப்பதையும் பாருங்கள், 1995 வரை அது திருச்சி மாவட்டம்.

செல்லில் போகாததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான், முன்னால் இருக்கிற கோட் இல்லாமல் அடிப்பது. நீங்கள் பல்லடத்திலேயே நின்று அடித்தாலும் செல்லில் இருந்து 04255 சேர்த்தே அடிக்க வேண்டும். அப்படியும் போகவில்லையா, இலக்கத்தை எண்ணுங்கள். முன்னால் உள்ள சுழியத்தைச் சேர்த்து மொத்தம் 11 வர வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு மாதிரி நாலு இலக்க கோட் என்றால் பின்னால் ஏழு, பல்லடம் மாதிரி ஐந்து இலக்க கோட் என்றால் பின்னால் ஆறு. போர்டில் 04255-க்குப் பின்னால் ஏழு இலக்கம் எழுதியிருந்தால் கோடோ நம்பரோ ஏதோ ஒன்று தப்பு, கடைக்காரரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் யாராவது கூப்பிட வேண்டுமானால் சுழியத்தை விட்டுவிட்டு +91 4255 என்று தொடங்கச் சொல்லுங்கள்.