ஒரு ரொட்டிக்கு அடக்க விலை: ஈடு முழுவதையும் எழுதி, விற்ற ரொட்டியால் வகுங்கள்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் சின்னதா ஒரு ரொட்டிக் கடை. மாவு, ஈஸ்ட், சீனி, கேஸ், பிளாஸ்டிக் பை, ஆள் கூலி எல்லாம் சேர்த்து ஒரு ரொட்டிக்கு எவ்வளவு அடக்கம்னு எப்படிக் கணக்குப் போடுறது?

பதில்:

10 கிலோ மாவு ஒரு ஈடு என்று வைத்துப் போடுகிறேன். விலைகள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். உங்கள் பில்லில் உள்ளதை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

மாவு 10 கிலோ, தண்ணீர் 6 லிட்டர், சீனி 600 கிராம், மார்ஜரின் 400 கிராம், உப்பு 180 கிராம், உலர் ஈஸ்ட் 120 கிராம். மொத்தம் 17.3 கிலோ. இயந்திரத்திலும் மேசையிலும் ஒட்டிப்போவதைக் கழித்தால் சுமார் 16.95 கிலோ கையில் நிற்கும். வெந்து ஆறிய ரொட்டி 400 கிராம் இருக்க வேண்டுமானால் அச்சில் 450 கிராம் உருண்டை போட வேண்டும், ஏனென்றால் அடுப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஈரம் போய்விடும். ஆக 37 உருண்டை. தராசு இல்லாமல் கைக்கணக்கில் 470 கிராம் வெட்டினால் 36தான் வரும்.

25 கிலோ மாவு மூட்டை 65 வெள்ளி என்றால் மாவு 26.00. சீனி 1.80, ஈஸ்ட் 2.88, மார்ஜரின் 3.20, உப்பு 0.27. பொருள் மட்டும் 34.15 வெள்ளி. ஈஸ்ட் அற்பத் தொகை என்று திறந்த பாக்கெட்டை அப்படியே வைக்காதீர்கள். வீரியம் குறைந்தால் மாவு உப்ப அரை மணி கூடுதலாகும், அது கூலியில் ஏறும்.

கேஸைத் தோம்பு எத்தனை நாள் வந்தது என்று பார்த்துப் பிரிக்க வேண்டாம். வேலை தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் தோம்பைத் தராசில் வையுங்கள். 14 கிலோ தோம்பு 70 வெள்ளி என்றால் கிலோ 5 வெள்ளி. அடுப்பு சூடேற 0.6 கிலோ, வேக 1 கிலோ எரிந்தால் ஈட்டுக்கு 8 வெள்ளி. அதே சூட்டில் இரண்டாவது ஈடு போனால் சூடேற்றும் செலவு திரும்ப வராது. இரண்டுக்கும் சேர்த்து 13 வெள்ளிதான்.

பை, கட்டும் கம்பி, லேபிள் சேர்த்து 12 காசு. கிழிந்ததையும் கணக்கில் எடுத்து 40 பை: 4.80.

பெரிய தொகை கூலிதான். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 8.17. ஈபிஎஃப், சொக்சோ முதலாளி பங்கு சுமார் 15 விழுக்காடு சேர்த்தால் 9.40. பிசைவது முதல் பையில் போடுவது வரை ஒருவர் நாலரை மணி, உதவியாள் மூன்று மணி என்றால் ஏழரை மணி, 70.50 வெள்ளி. நீங்களே நின்று வேலை செய்தாலும் இதே தொகையை எழுதுங்கள். இல்லாவிட்டால் நாளை ஆள் வைக்கும்போது விலை உதைக்கும்.

கூட்டினால் 117.45. ஒன்று வீணாகும் என்று வைத்து 36 ஆல் வகுத்தால் ரொட்டி 3 வெள்ளி 26 காசு. இதில் கூலி மட்டும் 1.96.

இப்போது அதே ஆட்கள் முதல் ஈடு உப்பும் நேரத்தில் இரண்டாவதைப் பிசைகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவர் வேலையும் சேர்த்து மொத்தம் பத்து மணி நேரத்துக்குள் முடியும். பொருள் 68.30, கேஸ் 13, பை 9.60, கூலி 94. மொத்தம் 184.90, 72 ஆல் வகுத்தால் 2.57. மாவு விலையில் ஒரு காசு குறையாமல் 69 காசு இறங்கிவிட்டது. ஆனால் இரண்டாவது ஈட்டின் 36 ரொட்டியும் விற்க வேண்டும். நான்கு திரும்பி வந்தால் 68 ஆல் வகுக்க வேண்டும், அடக்கம் 2.72. அதனால் வகுக்கும் எண் செய்த ரொட்டி அல்ல, காசு வந்த ரொட்டி.

திரும்பி வருவதற்கு நம் ஊர் வெக்கையும் ஈரமும் பெரிய காரணம். நடுவில் இன்னும் சூடாக இருக்கும்போதே பையில் கட்டினால் உள்பக்கம் பனிபோல் நீர் படியும், அடுத்த ஓரிரு நாளில் பூசணம் பிடிக்கும். ரொட்டியை அச்சிலிருந்து எடுத்ததும் கம்பித் தட்டில் தள்ளித்தள்ளி வையுங்கள். ஆற இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். கத்தி போட்டால் உள்ளே பிசுபிசுப்பாக ஒட்டுகிறதா, இன்னும் ஆறவில்லை. இன்னொன்று, மாவு அளவுக்கு மீறி உப்புவது. பிற்பகலில் பிசைகிறீர்கள் என்றால் தண்ணீரில் ஐஸ் சேர்த்து, பிசைந்த மாவின் சூடு 27 டிகிரிக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். சூடு ஏறினால் அச்சில் விளிம்பைத் தாண்டி எழும்பி, அடுப்பில் நடுவே அமுங்கிவிடும். அப்படி அமுங்கியதைப் பாதி விலைக்குக் கொடுத்தால் வகுக்கும் எண்ணில் அரை ரொட்டியாகத்தான் சேருங்கள்.

வாடகை, மின்சாரம், ரொட்டி கொண்டுபோகும் பெட்ரோல் இந்தக் கணக்கில் இல்லை. அவற்றை மாதக் கணக்கில் எடுத்து, அந்த மாதம் விற்ற ரொட்டிக்குப் பிரித்து மேலே சேருங்கள்.