பணம் கொடுத்தவருக்கு முகவரி, வேடிக்கை பார்ப்பவருக்கு எதற்கு?

கேள்வி: திருப்பூரில் வீட்டிலேயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி அரைத்து இன்ஸ்டாகிராமில் விற்கிறேன். இரவு பதினொரு மணிக்கும் தெரியாதவர்கள் அழைக்கிறார்கள். போன வாரம் ஒருவர் வாசலுக்கே வந்துவிட்டார். என் எண்ணையும் வீட்டு முகவரியையும் மறைத்துத் தொழில் செய்ய முடியுமா?

பதில்: பழைய எண் இதற்குள் பலர் கைக்குப் போயிருக்கும். அதை மீட்க முயல்வது வீண் என்பதால், அதையே கடை எண்ணாக வைத்து வாட்ஸ்அப் பிசினஸுக்கு மாற்றுங்கள். குடும்பத்துக்கும் வங்கிக்கும் புதிய சிம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கடை சிம்மை வீட்டில் கிடக்கும் பழைய கைப்பேசியில் போட்டுவிட்டால் இரவில் அணைத்து வைக்கலாம். புதிய எண்ணைப் பதிய ஆதாருக்கு ஒரு வரிசை, வங்கிக்கு ஒரு வரிசை என்று அலையவிடும் நடைமுறை எனக்கும் எரிச்சல்தான், வங்கியிலிருந்து தொடங்குங்கள்.

பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். புதிய எண்ணை யாருக்கும் சொல்லாமல் காத்துவிட்டு, பணம் பெறும் கியூஆர் படத்தில் அதையே கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் படத்தின் கீழே சிறிய எழுத்தில் உள்ள யூபிஐ முகவரியைப் பாருங்கள். @ குறிக்கு முன்னால் பத்து இலக்கங்கள் இருந்தால் அது உங்கள் கைப்பேசி எண்ணேதான். செயலியில் எழுத்துகளாலான வேறு முகவரி உருவாக்கி, புதிய கியூஆர் எடுத்து அனுப்புங்கள். வங்கியில் பதிவான உங்கள் பெயர் அப்போதும் தெரியும்.

முகவரியில்தான் சட்டம் குறுக்கிடுகிறது. முன்கூட்டியே அடைத்து விற்கும் பாக்கெட்டின் மீது தயாரித்தவர் அல்லது அடைத்தவரின் பெயரும் முழு முகவரியும் இருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதி. உணவாக இருப்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்கப் பதிவு எண்ணும் வேண்டும். "ஊர்ப் பெயரும் போன் நம்பரும் போதும்" என்று லேபிள் அச்சிடுபவர் சொன்னால் நம்பாதீர்கள். அடுப்படிக்கும் ஆலைக்கும் ஒரே அளவுகோல் வைப்பது எனக்கு உடன்பாடில்லை, ஆனாலும் விதி விதிதான். உறவினர் கடையில் உண்மையாகவே அரைத்து அடைத்து, அந்த இடத்தின் பெயரில் பதிவும் எடுத்தால் அந்த முகவரியைப் போடலாம். பெயரளவுக்குப் போட்டால் பொய்த் தகவல் கொடுத்ததாகும். எனவே வாங்குபவருக்கு முகவரி தெரியட்டும், வேடிக்கை பார்ப்பவருக்குத் தெரிய வேண்டாம். இன்ஸ்டாகிராமில் தொடர்பு விவரம் காட்டும் வசதியை அணைத்து, பாக்கெட்டின் முன்பக்கத்தை மட்டும் படம் எடுங்கள். பதிவுச் சான்றிதழைப் பெருமையாகப் பதிவேற்றியிருந்தால் உடனே நீக்குங்கள், அதில் வீட்டு முகவரி முழுதாக இருக்கும். உள்ளூர் வாடிக்கையாளர் பைக் அனுப்பினால் தெருமுனைக் கடையில் வைத்துக் கொடுங்கள்.

கடைசியாக, பதிவு எடுத்துத் தரும் முகவர்கள். ஆதார் நகலையும் சில ஆயிரங்களையும் வாங்கிக்கொண்டு, விண்ணப்பத்தில் தங்கள் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டுவிடுகிறார்கள். பிறகு ஒரு திருத்தம் செய்யவும் ஓடிபி அவர்களுக்கே போகிறது. விண்ணப்பத்தை foscos.fssai.gov.in தளத்தில் நீங்களே போடலாம். ஏற்கெனவே முகவர் வழியாக எடுத்திருந்தால், பதிவில் யாருடைய எண் இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.