டி-சோதனையா, மான்-விட்னியா, கை-வர்க்கமா: ஓசோன் அளவுகளை வைத்து ஒரு பதில்

கேள்வி: "சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலை ஆய்வு செய்கிறேன். இரண்டு காலங்களின் காற்றுத் தர அளவுகளை ஒப்பிட வேண்டும். ஒருவர் டி-சோதனை போதும் என்கிறார், இன்னொருவர் மான்-விட்னி என்கிறார், வழிகாட்டி கை-வர்க்கச் சோதனையையும் சேர்க்கச் சொல்கிறார். எதை எப்போது பயன்படுத்துவது?"

இந்த மூன்று சோதனைகளும் ஒரே கேள்விக்கான மூன்று வழிகள் என்று எண்ணித்தான் பலரும் குழம்புகிறார்கள். டி-சோதனை இரண்டு சராசரிகளுக்கு இடையிலான வேறுபாட்டைப் பார்க்கிறது. ஒரு குழுவின் மதிப்புகள் மற்றதன் மதிப்புகளைவிடப் பொதுவாக மேலே நிற்கின்றனவா என்பதை மான்-விட்னி பார்க்கிறது. கை-வர்க்கச் சோதனை அளவுகளையே பார்ப்பதில்லை. ஒவ்வொரு வகையிலும் எத்தனை விழுந்தன என்ற எண்ணிக்கையை மட்டுமே பார்க்கிறது. ஆகவே தரவின் பரவல் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே, ஆய்வேட்டில் எந்த வாக்கியத்தை எழுதப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும்.

நீங்களே சரிபார்த்துக்கொள்ளும்படி, R மென்பொருளோடு சேர்ந்தே வரும் `airquality` தரவை எடுத்துக்கொள்கிறேன். 1973ஆம் ஆண்டு மே முதல் செப்டம்பர் வரை நியூயார்க்கில் நாள்தோறும் எடுத்த 153 நாட்களின் பதிவு அது. அதிலுள்ள ஓசோன் மதிப்பு, ரூஸ்வெல்ட் தீவில் பிற்பகல் 1 மணி முதல் 3 மணி வரை அளந்ததன் சராசரி. அலகு பிபிபி, அதாவது நூறு கோடியில் ஒரு பங்கு. மே மாதத்தையும் ஆகஸ்ட் மாதத்தையும் ஒப்பிடுவோம். இரண்டு மாதங்களிலும் ஐந்தைந்து நாட்களுக்கு ஓசோன் பதிவு இல்லை என்பதால், ஒவ்வொன்றிலும் 26 மதிப்புகள் மிஞ்சுகின்றன.

```r
aq <- subset(airquality, Month %in% c(5, 8))
t.test(Ozone ~ Month, data = aq)
wilcox.test(Ozone ~ Month, data = aq, exact = FALSE)
chisq.test(table(aq$Month, aq$Ozone > 50))
fisher.test(table(aq$Month, aq$Ozone > 100))
```

சோதனையை ஓட்டுவதற்கு முன் மதிப்புகளை ஏறுவரிசையில் எழுதிப் பாருங்கள். மே மாதத்தில் 1, 4, 6, 7 என்று தொடங்கி, பெரும்பாலான நாட்கள் 11 முதல் 37 வரை நிற்கின்றன. கடைசியில் 41, 45, அதற்கப்புறம் ஒரே தாவலாக 115. சராசரி 23.6, இடைநிலை அளவு 18, திட்ட விலக்கம் 22.2. சராசரி இடைநிலையைத் தாண்டி மேலே இருப்பதும், திட்ட விலக்கம் கிட்டத்தட்ட சராசரி அளவுக்கே இருப்பதும், பரவல் வலப்பக்கம் வால் நீண்டது என்பதற்கான அடையாளங்கள். கீழே பூச்சியத்தைத் தாண்டிப் போக முடியாத, மேலே எல்லையே இல்லாத செறிவு அளவுகள் எல்லாவற்றிலும், அது ஓசோனாக இருந்தாலும் கிணற்று நீரின் நைட்ரேட்டாக இருந்தாலும், இந்த வடிவம் அடிக்கடி வரும். ஆகஸ்டின் சராசரி 60.0, இடைநிலை 52, திட்ட விலக்கம் 39.7.

அந்த 115ஐப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். அந்த ஒரு நாளை நீக்கினால் மே மாதத்தின் திட்ட விலக்கம் 22.2இலிருந்து 12.4 ஆகச் சரிந்துவிடுகிறது. அதனால் அதைத் தவறான பதிவு என்று நீக்கிவிடும் ஆசை வரும். ஆனால் அதே வரியில் உள்ள மற்ற பத்திகளைப் பாருங்கள்: அது மே 30ஆம் நாள், காற்றின் வேகம் மணிக்கு 5.7 மைல், அந்த மாதத்திலேயே மிகக் குறைந்த வேகம். வெப்பநிலை 79 பாரன்ஹீட். முந்தைய நாள் வெப்பம் 81 ஆக இருந்தும் காற்று 14.9 மைல் வேகத்தில் வீசியதால் ஓசோன் 45இல் நின்றது. காற்று ஓய்ந்த வெப்ப நாளில் ஓசோன் தேங்குவது இயல்பு. ஆகவே இது உண்மையான மதிப்பு என்றே கொள்ள வேண்டும், நீக்கக் கூடாது.

இப்போது டி-சோதனை. இரண்டு மாதங்களின் பரவல் அகலமும் வெவ்வேறாக இருப்பதால், சமப் பரவலைக் கோரும் பழைய வடிவத்தை விட்டு, வெல்ச் வடிவத்தைப் பயன்படுத்த வேண்டும். R அதைத்தான் தானாகவே செய்கிறது. விடை சுமார் −4.07, பி-மதிப்பு ஏறத்தாழ 0.0002. மான்-விட்னியில் W மதிப்பு 127.5, பி-மதிப்பு 0.00012. (R அதை வில்காக்சன் என்ற பெயரில் தரும், இரண்டும் ஒன்றே.) இரண்டும் ஒரே முடிவைத்தான் சொல்கின்றன, அப்படியானால் எதை எடுத்தாலும் சரிதானே என்று நீங்கள் கேட்கலாம். இந்தத் தரவில் வேறுபாடு பெரியது என்பதால் தப்பித்தோம் என்பதுதான் அதற்கு விடை.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். தரவைத் தட்டச்சு செய்தவர் 115ஐத் தவறுதலாக 1150 என்று பதிந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். (எனக்கு ஒருமுறை வந்த கள ஆய்வுக் கோப்பில் தசமப் புள்ளி விடுபட்டு இதே போன்ற ஒன்று நடந்திருந்தது, மூன்று நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.) மே மாதச் சராசரி 63.4 ஆக ஏறி ஆகஸ்டையே தாண்டிவிடுகிறது, திட்ட விலக்கம் 222 ஆகிறது, டி-சோதனையின் பி-மதிப்பு 0.9க்கு மேல் போய் இரண்டு மாதங்களுக்கும் வேறுபாடே இல்லை என்று சொல்லிவிடுகிறது. மான்-விட்னியிலோ, W 127.5இலிருந்து 130.5 ஆக மட்டுமே மாறுகிறது. ஏனென்றால் அது மே மாதத்தின் ஒவ்வொரு நாளையும் ஆகஸ்டின் ஒவ்வொரு நாளோடும் இணைத்து, எது பெரியது என்று மட்டுமே எண்ணுகிறது; மொத்தம் 676 இணைகள். 115 ஏற்கெனவே ஆகஸ்டின் 23 நாட்களை வென்றிருந்தது, 1150 ஆனதும் மீதி மூன்றையும் வென்றது, அவ்வளவுதான்.

இந்த எண்ணிக்கையிலேயே மான்-விட்னியின் பொருளும் இருக்கிறது. 676 இணைகளில் 127.5இல் மட்டுமே மே முந்தியது (சமமாக வந்தவற்றுக்கு அரை மதிப்பு), அதாவது நூற்றுக்கு 19. எந்த ஒரு மே நாளையும் எந்த ஓர் ஆகஸ்ட் நாளையும் எடுத்தாலும், ஆகஸ்டில் ஓசோன் கூடுதலாக இருக்கும் வாய்ப்பு சுமார் 81 சதவீதம் என்று எழுதலாம். "இடைநிலை அளவுகள் வேறுபடுகின்றன" என்று மட்டும் எழுதாதீர்கள். இரண்டு பரவல்களின் வடிவமும் ஒன்றாக இருந்தால்தான் அந்த வாக்கியம் நிற்கும். இங்கே ஆகஸ்டின் பரவல் மே மாதத்தைவிட மிக அகலம்.

அப்படியானால் எப்போதும் மான்-விட்னிதானா என்றால், இல்லை. ஆற்றில் ஓராண்டில் எத்தனை கிலோ பாஸ்பரஸ் கலந்தது என்பது போன்ற கேள்விக்குச் சராசரிதான் வேண்டும், ஏனென்றால் மொத்தச் சுமை சராசரியிலிருந்துதான் வருகிறது, அந்த உச்ச நாட்களைத் தரவரிசையாக மட்டும் பார்ப்பது பொருளையே இழப்பதாகும். அங்கே டி-சோதனையின் பக்கம்தான் நிற்க வேண்டும், மாதிரி எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். இடைப்பட்ட வழி ஒன்றும் உண்டு: மதிப்புகளின் மடக்கையை எடுத்து, அதன் மேல் டி-சோதனை செய்வது. நமது தரவில் அப்படிச் செய்தால் பெருக்குச் சராசரி மே மாதத்தில் சுமார் 16.6, ஆகஸ்டில் சுமார் 46.8, ஆகஸ்ட் ஏறக்குறைய 2.8 மடங்கு என்ற, படிப்பவருக்கு எளிதில் புரியும் விடை கிடைக்கிறது. ஆனால் மடக்கைக்கும் ஒரு விலை உண்டு. மே மாதத்தின் 1 என்ற மதிப்பு மடக்கையில் பூச்சியமாகி, இப்போது இடப்பக்கம் தனித்து நிற்கிறது. கருவி கண்டறியும் எல்லைக்குக் கீழே உள்ள மதிப்புகளைப் பாதியாக்கி நிரப்பும் வழக்கம் உங்களுக்கு இருந்தால், மடக்கை அந்தக் கற்பனை எண்ணைத்தான் பெரிதாக்கிக் காட்டும். அத்தகைய மதிப்புகள் பல இருந்து, கண்டறியும் எல்லை எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே இருந்தால், அவற்றையெல்லாம் சமமான கடைசித் தரமாக வைத்து மான்-விட்னி செய்வது நேர்மையானது.

தரவு இயல்நிலைப் பரவலில் இருக்கிறதா என்று பார்க்கும் ஷாபிரோ-வில்க் சோதனையை ஓட்டி, அது சொன்னபடி தேர்வு செய்கிறேன் என்பது வகுப்பறையில் சொல்லித்தரும் வழி. 8 மாதிரிகள் இருக்கும்போது அது கோணலைக் கண்டுபிடிக்காது, 800 இருக்கும்போது பொருட்படுத்த வேண்டாத கோணலுக்கும் கூச்சலிடும். படம் வரைந்து பாருங்கள், அது போதும்.

கை-வர்க்கத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வி "எத்தனை நாட்கள் வரம்பைத் தாண்டின" என்பதாக இருந்தால் அதுதான் சரி. 50 பிபிபியை எடுத்துக்காட்டு வரம்பாக வைத்தால், மே மாதத்தில் 26இல் 1 நாளும் ஆகஸ்டில் 26இல் 13 நாளும் தாண்டுகின்றன. வேறுபாடே இல்லையென்றால் ஒவ்வொரு மாதத்திலும் 7 நாட்களை எதிர்பார்த்திருக்கலாம். அது 5க்கு மேல் என்பதால் சோதனை செல்லும். விடை 11.8, பி-மதிப்பு சுமார் 0.0006. இப்போது வரம்பை 100 ஆக்குங்கள். மே மாதத்தில் 1, ஆகஸ்டில் 4. எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கை 2.5 ஆகக் குறைவதால் R எச்சரிக்கை தரும், ஃபிஷர் சோதனைக்கு மாற வேண்டும். அதன் பி-மதிப்பு 0.35. அதே 52 நாட்கள்தான், ஆனால் வேறுபாடு காணாமல் போய்விட்டது. அளவை வகையாக வெட்டும்போது 51உம் 99உம் ஒன்றாகிவிடுகின்றன. அந்த இழப்பின் கணக்கு இது. ஆகவே வரம்பு தரவைப் பார்ப்பதற்கு முன்பே, சட்டத்திலிருந்தோ தர அளவுகோலிலிருந்தோ வந்திருக்க வேண்டும். தரவைப் பார்த்துவிட்டு வெட்டுமிடத்தைத் தேடினால் விரும்பிய விடை எப்போதும் கிடைக்கும்.

வழிகாட்டி சேர்க்கச் சொன்னார் என்பதற்காக மாதச் சராசரிகளையே கை-வர்க்க அட்டவணையில் போட்டுவிடாதீர்கள். பல ஆய்வேடுகளில் இதைக் கண்டிருக்கிறேன். 23.6ஐயும் 60.0ஐயும் எண்ணிக்கைபோல் போட்டால் விடை 15.8 வரும். அதே அளவுகளைப் பிபிபியிலிருந்து ஆயிரம் மடங்கு பெரிய அலகான பிபிஎம்முக்கு மாற்றினால் விடை 0.0158. அலகை மாற்றினால் முடிவு மாறும் சோதனை அந்தத் தரவுக்கு உரியதல்ல.

மூன்றுக்கும் பொதுவான ஒரு நிபந்தனை இருக்கிறது, அதுதான் காற்றுத் தரத் தரவில் முதலில் உடைவது: மதிப்புகள் ஒன்றையொன்று சாராதிருக்க வேண்டும். இன்றைய ஓசோன் நேற்றைய ஓசோனைப் போலவே இருக்கும், ஏனென்றால் வானிலை ஒரே நாளில் முழுவதும் மாறுவதில்லை. அடுத்தடுத்த நாட்களுக்கு இடையிலான ஒட்டுறவு 0.4 என்று வைத்துக்கொண்டால், 26 நாட்களின் உண்மையான எடை 26 × (1 − 0.4) / (1 + 0.4), அதாவது ஏறத்தாழ 11 நாட்களுக்குச் சமம். பி-மதிப்புகள் எல்லாம் உள்ளதைவிடச் சிறியதாகத் தெரியும். மான்-விட்னிக்கு மாறுவதால் இது சரியாகாது. உங்கள் தரவில் `acf()` வரைந்து பார்த்துவிட்டு, ஒட்டுறவு அடங்கும் இடைவெளியில், மூன்று நாளுக்கு ஒன்று என்றால் மூன்று நாளுக்கு ஒன்று, மதிப்புகளை எடுத்து மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் வேறுபாடு நின்றால் ஆய்வேட்டில் எழுதுங்கள்.