டிஸ்சார்ஜ் மேஜையும் ஸ்கோர்கார்டும்: கேள்வி பதில்

பில்லிங் இன்சார்ஜ் ஒருவர்: மேடம், 150 படுக்கை ஆஸ்பத்திரி. எங்க பிரிவுக்கும் பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு போடச் சொல்றாங்க. பில் போடுற வேலைக்கும் ஆஸ்பத்திரி குறிக்கோளுக்கும் என்ன சம்பந்தம் காட்டுறது?

பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு என்பது ஒரு குறிக்கோளை நிதி, வாடிக்கையாளர், உள்வேலை, கற்றல் என்ற நான்கு கோணங்களில் அளந்து பார்க்கும் அட்டை. முதலில் நிர்வாகத்திடம் குறிக்கோளை ஒரே வரியில் கேட்டு வாங்குங்கள். ‘படுக்கை இல்லை என்று எமர்ஜென்சி நோயாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது’ என்பதுதான் அது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து ‘இது நடக்க எது நடக்கணும்’ என்று கேட்டுக்கொண்டே இறங்கி வாருங்கள்.

நிதிக் கோணத்தில், காலியான படுக்கையில் அன்றைக்கே அடுத்தவர் சேர வேண்டும். வாடிக்கையாளர் கோணத்தில், ‘வீட்டுக்குப் போகலாம்’ என்று டாக்டர் ரவுண்ட்ஸில் சொன்னதிலிருந்து நோயாளி கிளம்பும்வரை ஆகும் நேரம் குறைய வேண்டும்.

உங்கள் மேஜை வருவது மூன்றாவதான உள்வேலைக் கோணத்தில். ஒரு வாரம் ஒவ்வொரு டிஸ்சார்ஜுக்கும் எந்தக் கட்டத்தில் எவ்வளவு நேரம் போகிறது என்று குறித்துப் பாருங்கள். நான் வேலை பார்த்த இடத்தில் பில் அடிக்க நேரமே ஆகவில்லை. வார்டில் மிஞ்சிய மருந்து பார்மசிக்குத் திரும்பி, ரிட்டர்ன் பதிவாகிற வரைக்கும் பில்லை மூட முடியாமல் காத்திருந்தோம். அதனால் ‘ஒரு நாளைக்கு எத்தனை பில்’ என்ற அளவுகோலை எடுத்துவிட்டு, ‘நாளை போகிறவர்களில் எத்தனை பேருக்கு இன்று மாலைக்குள் ரிட்டர்ன் முடிந்தது’ என்று வைத்தோம். அந்த எண்ணைப் பார்த்தால் இன்று யாரிடம் போய் நிற்க வேண்டும் என்று தெரியும்.

கற்றல் கோணத்தில் ‘வருஷத்துக்கு எத்தனை பயிற்சி வகுப்பு’ என்று எழுதாதீர்கள். மாலை ஷிப்ட் நர்ஸ்களில் எத்தனை பேர் பார்மசியைக் கூப்பிடாமல் ரிட்டர்ன் பதிவு போடுகிறார்கள் என்று எண்ணுங்கள்.

இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் ஊகம்தான். 20 டிஸ்சார்ஜில் தலைக்கு 2 மணி மிச்சம் பிடித்தால் 40 படுக்கை மணி. வெளியே படுக்கைக்கு ஆள் காத்திருந்தால்தான் அது வருமானமாகும். பாதி வார்டு காலியாகக் கிடக்கும் மாதத்தில் நிதி எண் அசையாது. உங்கள் பிரிவைக் குறை சொல்லவும் முடியாது.

ஹெச்.ஆர். ஒருவர்: எக்செல் டெம்ப்ளேட் கிடைக்குமா?

தர மாட்டேன். கோணத்துக்கு ஒன்றாக, ‘அதனால்’ போட்டு நான்கு வாக்கியம் எழுதிக்கொண்டு வாருங்கள். கட்டம் பிறகு.

அரசு ஆஸ்பத்திரி ஊழியர்: நிதிதானே எப்பவும் உச்சியில இருக்கணும்? எங்களுக்கு லாபமே கிடையாதே, அப்ப இது பொருந்தாதுதானே?

இந்த ஸ்கோர்கார்டை உருவாக்கிய காப்லனும் நார்ட்டனும் 1992-ல் எழுதியது கம்பெனிகளை வைத்து. அந்த அளவில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் பொதுத்துறைக்கு நோக்கத்தையும் மக்களையும் மேலே வைத்து, நிதியைக் கட்டுப்பாடாகக் கீழே இறக்கிக்கொள்ளலாம் என்று அவர்களே பிறகு எழுதினார்கள். உங்களுக்கு உச்சியில் காத்திருப்பு நேரம். பட்ஜெட் என்பது அதற்குள் அடங்க வேண்டிய வரம்பு.

வேறொருவர்: மேடம், டெம்ப்ளேட் லிங்க் ப்ளீஸ்.

மேலே சொல்லிவிட்டேன்.

தொழிற்சாலை மேலாளர்: இன்சென்டிவோட சேர்க்காம யாரும் இதைத் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. எங்க பிளான்ட்ல சேர்த்த பிறகுதான் வேலை நடந்துச்சு.

முதல் வருஷம் சேர்க்காதீர்கள். ஊகம் சரியா என்று தெரிவதற்குள் காசு கட்டினால், எண்ணைத்தான் சரிசெய்வார்கள். நாங்கள் டிஸ்சார்ஜ் நேரத்துக்குப் பரிசு வைத்தோம். மூன்றாம் மாதம் நேரம் பாதியானது, நோயாளி கிளம்பும் நேரம் மட்டும் அப்படியே இருந்தது. பில் தயாரான பிறகே டாக்டரிடம் டிஸ்சார்ஜ் ஆர்டரில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அந்தக் கையெழுத்திலிருந்துதான் நேரத்தை எண்ணினோம், அதனால் கடிகாரம் ஓட ஆரம்பித்ததே தாமதமாகத்தான். பிறகு நர்ஸ் ரவுண்ட்ஸ் குறிப்பில் எழுதும் நேரத்தைத் தொடக்கமாக வைத்தோம். கொடுத்த பிறகு திருத்தின பில் எத்தனை என்பதையும் பக்கத்திலேயே எண்ணினோம்.

நர்சிங் சூப்பரின்டென்டென்ட்: அந்த ரவுண்ட்ஸ் குறிப்பும் என் நர்ஸ்கள் தலையிலதான் விழுது. அவங்க ஸ்கோர்கார்டுல இதுக்கு இடமே இல்ல. பில்லிங்குக்கு நல்ல பேர், எங்களுக்கு வேலை.

நியாயம், அம்மா. ரிட்டர்ன் எண் இரண்டு பிரிவின் அட்டையிலும் இருக்க வேண்டும். எங்கள் இடத்தில் அதை நாங்கள் தாமதமாகத்தான் செய்தோம்.

தொழிற்சாலை மேலாளர்: ரெண்டு பேருக்கும் பொதுன்னா யாரும் பொறுப்பு எடுக்க மாட்டாங்க. ஒரு எண்ணுக்கு ஒரு ஆள்தான்.

நர்சிங் சூப்பரின்டென்டென்ட்: சார், மெஷினுக்கு அது சரி. இங்க மருந்து எங்க கையிலயும் பதிவு பார்மசி கையிலயும் இருக்கு. ஒருத்தர்கிட்ட கொடுத்தா இன்னொருத்தர் போனையே எடுக்க மாட்டாங்க.

மேலாளர் சொல்லும் ஆபத்து உண்மை, நான் பார்த்திருக்கிறேன். இருந்தும் கைமாறுகிற இடத்தை அளக்கும் எண்ணைப் பொதுவில்தான் வைப்பேன். மற்றவற்றில் ஒரு ஆள் என்பதே சரி.

இன்னொருவர்: அப்பாவை டிஸ்சார்ஜ் பண்ண அஞ்சு மணி நேரம் உட்கார வச்சாங்க. யார்கிட்ட சொல்றது?

அந்த ஆஸ்பத்திரியின் நோயாளர் குறைதீர்ப்புப் பிரிவில் எழுதிக் கொடுங்கள். டாக்டர் போகச் சொன்ன நேரம், பில் கைக்கு வந்த நேரம், இன்சூரன்ஸ் ஒப்புதல் வந்த நேரம் மூன்றையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள்.

பில்லிங் இன்சார்ஜ்: மேடம், இன்சூரன்ஸ் ஒப்புதல் தாமதம் எங்க கையில இல்லையே. அதையும் எங்க நேரத்துல சேர்க்கணுமா?

நோயாளிக்கான நேரத்தில் சேருங்கள். அவர் காத்திருந்தது உண்மை. உங்கள் பிரிவின் எண்ணில், நீங்கள் முழுத் தாள்களையும் அனுப்பிவைத்த நேரம்வரை மட்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்காகக் கிளெய்மைப் பரிசீலிக்கும் டிபிஏ கேள்வி கேட்டுத் திருப்பின கேஸ்களைத் தனியாக எண்ணுங்கள், அதில் உங்கள் பக்கப் பிழை எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும்.